200, 2,000, 20,000: நோட்டீஸுக்கு எந்தப் பேப்பர், எந்த அச்சு?

"அண்ணே, ஆயிரம் நோட்டீஸ் அடிக்க எவ்வளவு ஆகும்?" மதுரையில் டிசைனும் அச்சு வேலையும் எடுத்துச் செய்கிற எனக்கு வாரத்தில் பத்து பேராவது போன் போட்டுக் கேட்கிற கேள்வி இது. நான் உடனே விலை சொல்வதில்லை. எத்தனை வேண்டும், யார் கையில் எப்படிப் போய்ச் சேரப் போகிறது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் விலை வெறும் ஊகம்தான்.

நோட்டீஸ் செலவில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, ஒரே ஒரு நோட்டீஸ் அடித்தாலும் கட்டியாக வேண்டிய பணம்: டிசைனை ஏற்றுகிற பிளேட், மெஷினை ஓட்டி கலர் பிடிக்கிற கூலி, அப்போது வீணாகிற தாள். இன்னொன்று, எண்ணிக்கை கூடக் கூட ஏறும் பணம். அதில் பெரும்பகுதி பேப்பர்தான். எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது முதல் பகுதி மொத்தச் செலவையும் விழுங்கிவிடும், பேப்பர் விலை கண்ணுக்கே தெரியாது. எண்ணிக்கை பெரிதானால் அப்படியே தலைகீழ். இதைப் பிடித்துக்கொண்டால் எத்தனை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம், எந்த அச்சு என்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

இனி கணக்கு. நான் போடுகிற விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். பேப்பர் கிலோ 90 ரூபாய், பிளேட் ஒன்று 300 ரூபாய், பிளேட் வைத்து ஓட்டுகிற நாலு கலர் ஆஃப்செட்டில் முதல் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 2,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 800 ரூபாய். இம்ப்ரெஷன் என்றால் தாள் ஒருமுறை மெஷினுக்குள் போய் வருவது. பிளேட் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்தே அடிக்கிற டிஜிட்டல் என்றால் 13க்கு 19 இன்ச் தாள் ஒன்று, ஒரு பக்கம், 15 ரூபாய். ஐம்பது தாள் மாதிரி கொஞ்சமாகப் போட்டால் 20 ரூபாய்.

முதலில் சைஸைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் நழுவுகிற முதல் இடம் அதுதான். கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவர்கள் ஏ5 சைஸில் செய்து கொண்டுவருவார்கள், அதாவது 5.83க்கு 8.27 இன்ச். நம் ஊர் ஆஃப்செட் மெஷின்களில் அதிகம் ஓடுவது 18க்கு 23 இன்ச், டெமி தாள். அதில் ஏ5-ஐ நாலு வரிசையாக அடுக்கினால் 23.3 இன்ச் வருகிறது, தாளைவிட ஒரு நூலளவு பெரிது. அவ்வளவுதான், எட்டு வரவேண்டிய தாளில் ஆறுதான் வரும். அதே டிசைனை 5.5க்கு 8.5 இன்ச்சாக, டெமி 1/8 என்று நாங்கள் சொல்கிற சைஸுக்கு மாற்றினால் எட்டும் உட்காரும். நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கலர் நீட்டி, மெஷின் தாளைப் பிடிக்கிற ஓரத்துக்கும் கொஞ்சம் விட்டால் கணக்கு மயிரிழையில் பொருந்திவிடும். பார்க்கிறவருக்கு இரண்டு சைஸுக்கும் வித்தியாசமே தெரியாது. பேப்பரில் மட்டும் நாலில் ஒரு பங்கு மிச்சம். அதனால் டிசைன் தொடங்கும் முன்பே அச்சகத்தில் எந்தத் தாளில் ஓட்டுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, 200 நோட்டீஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதுசாகத் தொடங்கிய தையல் வகுப்பு, ஒரே தெருவுக்குள் கொடுக்கப் போகிறார்கள். இதற்கு ஆஃப்செட் பக்கமே போக வேண்டாம். 13க்கு 19 தாளில் நாலு நோட்டீஸ் வரும், ஐம்பது தாள், 1,000 ரூபாய். ஒன்று 5 ரூபாய் என்றதும் விலை அதிகமாகத் தோன்றும், ஆனால் கையிலிருந்து போவது ஆயிரம் ரூபாய்தான். இங்கேதான் நான் எல்லோரிடமும் சொல்வது: பேப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 100 ஜிஎஸ்எம்முக்குப் பதில் 170 போட்டால் தாளுக்கு இரண்டு ரூபாய் கூடலாம், மொத்தத்துக்கே நூறு ரூபாய். அந்த நூறு ரூபாயில் கையில் வாங்குகிறவர் விரலுக்கு அது சாதாரண நோட்டீஸாகப் படாது, ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டி வைக்கிற பொருளாகப் படும்.

கலர் வேண்டாம், ஒரே கலர் போதும் என்றால் ரிசோ இருக்கிறது. ஜெராக்ஸ் மாதிரி தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. மாஸ்டர் என்கிற ஸ்டென்சில் ஒன்றை வெட்டி டிரம்மில் சுற்றி மை தள்ளும். மாஸ்டர் செலவு சின்னது, நூறைத் தாண்டினாலே ஜெராக்ஸை விட மலிவாகிவிடும். ஆனால் ரிசோ மை பேப்பருக்குள் ஊறித்தான் காயும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அது ஊறாது, மறுநாளும் விரலில் ஒட்டும். அதனால் ரிசோவுக்கு வழவழப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ பேப்பர்தான், 70 அல்லது 80 ஜிஎஸ்எம். மஞ்சள், ரோஸ் கலர் பேப்பரில் கருப்பு மை போட்டால் இரண்டு கலர் அடித்த தோற்றம் வந்துவிடும். கோயில் திருவிழா நோட்டீஸ் இன்றும் அப்படித்தான் வருகிறது, தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையும், வியர்த்த கையில் வாங்கினாலே போன் நம்பர் கலங்கும். வேண்டாம்.

இப்போது 2,000. குழப்பம் அதிகம் வருவது இந்த எண்ணிக்கையில்தான், ஏனென்றால் இரண்டு வழியும் கிட்டத்தட்டச் சாத்தியம். டிஜிட்டலில் 500 தாள், 7,500 ரூபாய். ஆஃப்செட்டில் 18க்கு 23 தாளில் எட்டு நோட்டீஸ் என்பதால் 250 தாள் போதும், கலர் பிடிக்க ஒரு 150 தாள் வீண் என்று வைத்தால் மொத்தம் 400. கலருக்கு ஒன்றாக நாலு பிளேட் 1,200, ஓட்டக் கூலி 2,000, 130 ஜிஎஸ்எம் பேப்பர் சுமார் 14 கிலோ, அதற்கு 1,250, வெட்டுக் கூலி 150. மொத்தம் 4,600. ஒரு நோட்டீஸ் 2 ரூபாய் 30 காசு. இந்த விலைகளில் இரண்டு வழியும் சமமாகிற இடம் ஏறத்தாழ 1,100 நோட்டீஸ். அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். உங்கள் ஊரில் டிஜிட்டல் தாள் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் அந்த இடம் 1,800 பக்கம் தள்ளிப் போகும். யாரோ சொன்னார்கள் என்று ஆயிரம் என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் இதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மேலே உள்ள கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஓட்டக் கூலி ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு வாங்குகிறார்கள், நமக்கு ஓடுவதோ 400 தாள்தான். மீதி 600 இம்ப்ரெஷனுக்குப் பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் வருகிறோம். அதைப் பயன்படுத்த நல்ல வழி, பின் பக்கமும் அடிப்பது. "பின் பக்கத்துக்கு இன்னொரு நாலு பிளேட் ஆகுமே" என்பார்கள். ஆகாது. ஒரே பிளேட்டில் பாதி இடத்தில் நாலு முன்பக்கமும் மறுபாதியில் நாலு பின்பக்கமும் வைத்து, தாளை ஒருமுறை ஓட்டி, காய்ந்ததும் பக்கவாட்டில் திருப்பி அதே பிளேட்டில் மறுபடி ஓட்டினால் ஒவ்வொரு முன்பக்கத்துக்கும் பின்னால் அதன் பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். வொர்க் அண்ட் டர்ன் என்று சொன்னால் எந்த அச்சகத்திலும் புரியும். 400 தாள் இரண்டு முறை ஓடினாலும் 800 இம்ப்ரெஷன், ஆயிரத்துக்குள்தான். பிளேட் கூடவில்லை, பேப்பர் கூடவில்லை. திருப்பி ஓட்டும் வேலைக்குச் சிலர் கொஞ்சம் கேட்பார்கள், கொடுக்கலாம். ஆனால் இதே வேலையை டிஜிட்டலில் இரண்டு பக்கம் போட்டால் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால் இரண்டு பக்க நோட்டீஸ் என்றால் ஆஃப்செட்டுக்கு மாறுகிற இடம் ஆயிரத்துக்கும் கீழேயே வந்துவிடும்.

சிவகாசிக்கு அனுப்பி அடிப்பது இன்னொரு வழி. அங்கே பல பேருடைய வேலைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டுகிற அச்சகங்கள் உண்டு. பிளேட் செலவு எல்லோருக்கும் பிரிந்துபோவதால் ஆயிரம், இரண்டாயிரம் எண்ணிக்கைக்கு உள்ளூரைவிட மலிவாக வரும். ஆனால் பேப்பர் அவர்கள் வைத்திருக்கும் இரண்டு மூன்று வகைதான். கலரும் உங்களுக்காக மட்டும் பிடிக்கப்படுவதில்லை: பக்கத்தில் இருப்பது அடர்ந்த சிவப்பு விளம்பரம் என்றால் அதற்குக் கொடுக்கிற மை உங்கள் படத்தில் இருக்கும் முகத்தையும் கொஞ்சம் சிவக்க வைக்கும். மளிகைக் கடைத் திறப்பு விழாவுக்கு இது பரவாயில்லை. நகை, பட்டுப் புடவை, அழகு நிலையம் என்றால் தனியாக ஓட்டுவதே சரி.

20,000 என்று வரும்போது பேச்சே மாறுகிறது. 2,500 தாள், வீணாவது சேர்த்து 2,700. பிளேட் அதே 1,200. ஓட்டக் கூலி 3,600. வெட்டுக் கூலி 600. இவை எல்லாம் சேர்ந்து 5,400 ரூபாய்தான். ஆனால் 130 ஜிஎஸ்எம் பேப்பர் கிட்டத்தட்ட 94 கிலோ, 8,400 ரூபாய்க்கு மேல். 90 ஜிஎஸ்எம் ஆர்ட் என்றால் 65 கிலோ, 5,850. 70 மேப்லித்தோ என்றால் 50.5 கிலோ, ஏறத்தாழ 4,550. ஒரு நோட்டீஸ் விலை 69 காசு, 56 காசு, 50 காசு என்று இறங்குகிறது. காசு கணக்கில் சின்னதாகத் தெரிந்தாலும் 130-க்கும் 90-க்கும் நடுவே 2,600 ரூபாய் நிற்கிறது. அதே இரண்டு பேப்பருக்கும் 2,000 எண்ணிக்கையில் வித்தியாசம் 400 ரூபாய்கூட இல்லை.

20,000 அடிக்கிறவர்கள் பெரும்பாலும் நாளிதழுக்குள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், அங்கே கனமான பேப்பருக்கு மரியாதையும் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்ட் ஓரம் உட்கார்ந்து கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் செருகுகிறவர்கள் வேலையைப் போய்ப் பாருங்கள். 170 ஜிஎஸ்எம் வழவழப்பான நோட்டீஸ் செருகச் செருக நழுவி வெளியே விழும், கட்டும் உப்பும், ஏஜென்ட் அடுத்த முறை கூடுதல் கேட்பார். 90 ஆர்ட் அல்லது 70 மேப்லித்தோ உள்ளே படிந்து இருந்துவிடும்.

அப்போது ஆர்ட்டா மேப்லித்தோவா? இதைக் கலர் படத்தை வைத்து மட்டும் முடிவு செய்கிறார்கள், நான் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். மேப்லித்தோ மையை உறிஞ்சும், புள்ளி கொஞ்சம் பரவும். கலர் மங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் கவனிக்காதது, அடர்ந்த நீலத்தில் வெள்ளை எழுத்து விட்டிருந்தால் நம் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'ண'வும் 'ணை'யும் 7 பாயிண்ட்டில் வெள்ளை எழுத்தாக விட்டு மேப்லித்தோவில் அடித்துப் பாருங்கள், சுழி எண்ணவே முடியாது. ஆங்கில எழுத்து தாங்குகிற இடத்தில் தமிழ் எழுத்து தாங்காது. மேப்லித்தோ என்று முடிவானால் வெள்ளை எழுத்தை 10 பாயிண்ட்டுக்குக் குறையாமல், தடித்த எழுத்தாக வையுங்கள், இல்லையேல் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்துக்கு மாறிவிடுங்கள். அந்தக் கருப்பையும் நாலு கலர் கலந்த கருப்பாக விடாமல் கருப்பு ஒன்றே நூறு சதவீதமாக வைக்க வேண்டும், பிளேட் ஒரு துளி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி சிவப்பு நிழல் வராது.

மறுபக்கம், பேனாவால் எழுத வேண்டிய எதுவும் ஆர்ட் பேப்பரில் வேலைக்காகாது. தள்ளுபடி கூப்பனில் பெயர் எழுதுவது, கிளை முகவரியை ரப்பர் ஸ்டாம்ப் வைப்பது எல்லாம் பளபளக்கிற கிளாஸ் ஆர்ட் பேப்பரில் இழுகும், பளபளப்பு இல்லாத மேட்டிலும் ஓரளவு இழுகும். மேப்லித்தோ அங்கேதான் ஜெயிக்கும்.

கிளாஸா மேட்டா என்பதில் நான் ரொம்ப யோசிப்பதில்லை. உணவு, துணி, பளிச்சென்ற கலர் என்றால் கிளாஸ். நிறைய எழுத்து, விளக்கு வெளிச்சத்தில் நின்று படிக்கிற நோட்டீஸ் என்றால் மேட். லேமினேஷனை 130 ஜிஎஸ்எம்மில் ஒரு பக்கம் மட்டும் போட்டால் நோட்டீஸ் அப்பளம் மாதிரி சுருளும். அது 250-க்கு மேற்பட்ட கார்டுக்கானது, நோட்டீஸுக்குத் தேவையில்லை.

ஆனால் ஆர்ட் பேப்பரில் அடர்ந்த கலர் முழுக்க நிரப்பினால் காய நேரம் வேண்டும். இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒருமுறை கடைத் திறப்பு மறுநாள் என்பதால், கருநீலம் முழுக்க நிரப்பிய 5,000 நோட்டீஸை மாலை அடித்து இரவே வெட்டச் சொன்னேன். வெட்டு மெஷினில் கட்டை அழுத்திப் பிடிக்கிற இடத்தில் ஈரமான மை மேலிருக்கும் தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கட்டிலும் வெள்ளையாக இருக்க வேண்டிய பின்பக்கத்தில் நீலப் பட்டை. அவசரம் என்னுடையது, பணமும் நானே போட்டுத் திரும்ப அடித்தேன். அதிலிருந்து அடர்ந்த கலர் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிடாமல் வெட்டவிடுவதில்லை. நேரமே இல்லை என்றால் டிசைனில் அடர்ந்த பகுதியைக் குறைத்துவிடுவேன். டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை, டோனர் சூட்டில் உருகி ஒட்டியே வெளியே வரும். ஆனால் அதை மடித்தால் மடிப்பில் டோனர் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும், அதனால் மடிக்கிற நோட்டீஸ் என்றால் மடிப்பு விழும் இடத்தில் அடர்ந்த கலர் வைக்காதீர்கள்.

போன மே மாதம் வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். டியூஷன் சென்டர் நடத்துகிற அக்கா ஒருவர், கையில் 8,000 ரூபாய். "தம்பி, நல்ல பேப்பர்ல 5,000 போட்டுக் குடு, 170 ஜிஎஸ்எம்னு சொன்னாங்க" என்றார். எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். 4,000 நாளிதழில், மீதி பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கையில். பின்பக்கத்தில் பெயர் எழுதிக் கொடுக்கிற சேர்க்கைப் படிவமும் வேண்டும் என்றார்.

நாளிதழில் போவதற்கும் கையில் கொடுப்பதற்கும் ஒரே பேப்பர் எதற்கு? பிளேட் ஒன்றுதான், பேப்பரை மட்டும் மாற்றலாம். 90 ஜிஎஸ்எம் கிளாஸில் 4,000 ஓட்டிவிட்டு, அதே பிளேட்டில் 170 ஜிஎஸ்எம் தாள் ஐம்பதைப் போட்டு 400 எடுத்தோம். தடிமன் மாறுவதால் மெஷின்காரர் அழுத்தத்தை மாற்ற வேண்டும், அதற்காக பத்து தாள் கூடுதலாக வைத்தோம். இரண்டு பக்கமும் வொர்க் அண்ட் டர்ன். பிளேட் 1,200, சுமார் 1,400 இம்ப்ரெஷனுக்கு 2,800, 90 பேப்பர் வீணாவது சேர்த்து 1,400, 170 பேப்பர் 245, வெட்டுக் கூலி 300. 5,950 ரூபாய்க்குள் முடிந்தது. நாளிதழில் வைக்க ஒன்றுக்கு 50 காசு, 2,000 ரூபாய். எண்ணிக்கை 5,000 இல்லை, 4,400தான். ஆனால் கையில் கொடுக்கிற 400-ம் அவர் கேட்ட தடிமனில் இருந்தது.

படிவத்தைப் பின்பக்கத்தில் வைக்க விடவில்லை, 90 கிளாஸில் பால்பாயிண்ட் வழுக்கும். அந்த இடத்தில் வகுப்பு நேரமும் வாட்ஸ்அப் நம்பரும் வைத்தோம், பின்னால் அடர்ந்த கலர் எதுவும் போடாததால் முன்பக்கம் கசிந்து தெரியவில்லை. படிவத்தை சென்டரிலேயே வைத்துக்கொள்ள 70 மேப்லித்தோவில் ஒரு நூறு ரிசோ தனியாக எடுத்துக்கொண்டார்.

வாங்கிப் போகும்போது அவர் கேட்டார், "இது 170-தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி, எல்லோரும் கேட்க வேண்டியது. 5.5க்கு 8.5 இன்ச் நோட்டீஸ் நூறை எண்ணி மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 170 ஜிஎஸ்எம் என்றால் 510 கிராம் பக்கம் வர வேண்டும். 130 என்றால் 390, 90 என்றால் 270, 70 என்றால் 210. இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருக்கலாம். 130 என்று பில் போட்டு 300 கிராம் காட்டினால் கையில் இருப்பது 100 ஜிஎஸ்எம். எதிர்க் கடையிலேயே நூறை நிறுத்துப் பார்த்தார். 514 கிராம் காட்டியது.